சேர்க்கையை அடுத்த பருவத்துக்கு மாற்றக் கேட்பது எப்படி: காரணம், சான்று, தேதி

சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது, சேருகிறேன் என்று சம்மதமும் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகு ஒரு விபத்து நடக்கிறது. அல்லது வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகிறார். அல்லது விசா நேர்காணலுக்குத் தேதியே கிடைக்கவில்லை. இப்படி ஒரு நிலையில், கிடைத்த இடத்தை விட்டுவிடாமல் அதைப் பின்னால் வரும் ஒரு பருவத்துக்கு மாற்றித் தரும்படி பல்கலைக்கழகத்திடம் கேட்பதுதான் டிஃபெரல், அதாவது சேர்க்கை ஒத்திவைப்பு. வெளிநாட்டில் முதுகலை சேரப்போகிறவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். விசா பகுதியை விட்டுவிட்டால் மற்றவர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

இத்தகைய கோரிக்கைகள் சிலவற்றை எழுத உதவியிருக்கிறேன். நான் பார்த்தவரை, மறுக்கப்பட்ட கடிதங்களிலும் காரணம் உண்மையாகத்தான் இருந்தது. தேதிகள்தான் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சேர்க்கை அலுவலகத்தில் கடிதத்தைப் படிப்பவர் மூன்று நாட்களைத் தேடுகிறார்: உங்கள் தடை எப்போது நீங்கும், அதைச் சான்று எப்படிச் சொல்கிறது, நீங்கள் கேட்கும் பருவம் எப்போது தொடங்குகிறது. முதல் இரண்டும் ஒத்துப்போய், மூன்றாவது நாள் அவற்றுக்குப் பின்னால் போதிய இடைவெளியோடு வந்தால் அவர் வேலை எளிதாகிவிடும். கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்று நாட்களையும் பொருத்துகிற வேலைதான்.

ஒரு மாணவியின் கதையை எடுத்துக்கொள்வோம். எண்கள் புரிவதற்காக நான் அமைத்தவை. இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பு, வகுப்பு தொடக்கம் 2026 ஆகஸ்ட் 24. ஏப்ரலில் சம்மதம் தெரிவித்து டெபாசிட்டும் கட்டிவிட்டார். ஜூன் 10 அன்று வண்டியில் விழுந்து முழங்கால் தசைநார் கிழிந்தது. ஜூன் 22 அன்று அறுவைச் சிகிச்சை. அதன் பிறகு ஆறு மாதம் பிசியோதெரபி.

முதலில் விதி, பிறகு கடிதம்

கடிதத்தை உடனே எழுத உட்காராதீர்கள். சேர்க்கைக் கடிதத்தையும், சம்மதம் சொன்னபோது ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளையும், அந்தத் துறையின் இணையப் பக்கத்தையும் படியுங்கள். நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்: ஒத்திவைப்புக்கு இடம் உண்டா, கடைசி நாள் எது, எவ்வளவு காலம் வரை ஒத்திவைக்கலாம், கட்டிய டெபாசிட் என்ன ஆகும். பல இடங்களில் ஓராண்டுக்கு மேல் தருவதில்லை. சில துறைகள் ஒத்திவைப்பே தராமல் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லும். பல்கலைக்கழகம் பொதுவாக அனுமதித்தாலும் துறை மறுக்கலாம். முதுகலையில் முடிவு பல நேரம் துறையின் கையில்தான் இருக்கும், ஆகவே துறைப் பக்கத்தைத் தவறாமல் பாருங்கள்.

இன்னும் சம்மதம் சொல்லாதவர்கள் ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். ஒத்திவைப்புக் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்பதற்காகச் சம்மதம் சொல்வதற்கான கெடு நிற்காது. கெடு தாண்டினால் சேர்க்கையே காலாவதியாகிவிடும், அப்புறம் ஒத்திவைக்க எதுவும் மிஞ்சாது. பல பல்கலைக்கழகங்கள் சம்மதம் சொன்னவர்களின் கோரிக்கையை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆனால் டெபாசிட் கட்டிவிட்டு, ஒத்திவைப்பு மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாமலும் போகலாம். எனவே கட்டுவதற்கு முன் மூன்றே வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: ‘இந்தப் படிப்புக்கு ஒத்திவைப்பு உண்டா? எந்த நாளுக்குள், எந்தப் படிவத்தில் கேட்க வேண்டும்? அதற்கு முன் டெபாசிட் கட்டியிருக்க வேண்டுமா, மறுக்கப்பட்டால் அது திரும்புமா?’ காரணத்தை இந்த மின்னஞ்சலில் விவரிக்க வேண்டாம். இது விதியைத் தெரிந்துகொள்ள மட்டும்.

நம் மாணவிக்கு வந்த பதில்: ஓராண்டு வரை ஒத்திவைக்கலாம், ஜூலை 15க்குள் போர்ட்டலில் உள்ள படிவத்தோடு கடிதமும் சான்றும் பதிவேற்ற வேண்டும், ஒப்புக்கொண்டால் டெபாசிட் புதிய பருவத்துக்கு மாறும். அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரம்தான் இருந்தது.

காரணத்தை எவ்வளவு சொல்வது

உங்கள் கையில் இல்லாத, தொடக்க நாளும் முடிவு நாளும் சொல்லக்கூடிய காரணம்தான் வலுவானது. நோய், விபத்து, பிரசவம், பெற்றோரைக் கவனிக்க வேண்டிய கட்டாயம், கட்டாய ராணுவச் சேவை, விசா தாமதம், கடன் அல்லது உதவித்தொகை வந்துசேராமை ஆகியவை இந்த வகை. வேலை அனுபவம் பெற வேண்டும், இப்போதைய வேலையில் ஒரு திட்டத்தை முடிக்க வேண்டும் என்பதெல்லாம் சில துறைகளில் எடுபடும், சிலவற்றில் எடுபடாது. இப்படிப்பட்ட காரணம்தான் உங்களுடையது என்றால் அதையே நேராகச் சொல்லுங்கள். அதை மறைக்க ஒரு நோயை உண்டாக்கினால் அதற்குப் பொய்ச் சான்று தேவைப்படும். அது பிடிபட்டால் சேர்க்கையே ரத்தாகும்.

வேறொரு பல்கலைக்கழகத்தின் பதிலுக்காகக் காத்திருப்பதற்கு இந்த வழியைப் பயன்படுத்த முடியாது. ஒத்திவைத்த காலத்தில் வேறு எங்கும் பட்டப்படிப்பில் சேரக்கூடாது என்பது பல இடங்களில் எழுத்திலேயே இருக்கும் நிபந்தனை. இடையில் ஏதாவது படிப்பு எடுக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

காரணத்தை எழுத மூன்று வாக்கியம் போதும்: என்ன நடந்தது, எப்போது நடந்தது, அதனால் குறிப்பிட்ட நாளில் ஏன் சேர முடியாது. மூன்றாவது வாக்கியத்தைத்தான் பலரும் எழுத மறந்துபோகிறார்கள். ‘எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது’ என்பதோடு நின்றால், படிப்பவருக்கு ‘சரி, ஆகஸ்டுக்குள் சரியாகிவிடாதா?’ என்ற கேள்விதான் எழும். அறுவைச் சிகிச்சையையும் ஆகஸ்ட் 24ஐயும் இணைத்துக் காட்ட வேண்டியது நீங்கள்தான்.

சான்று: மருத்துவரிடம் எதைக் கேட்டு வாங்குவது

நான் அதிகமாகக் கோளாறு பார்த்தது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

மாணவிக்கு முதலில் கிடைத்த சான்றில் இருந்தது இவ்வளவுதான்: ‘இவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. ஓய்வு அறிவுறுத்தப்பட்டுள்ளது.’ எல்லாம் உண்மை, ஆனால் எதற்கும் உதவாது. ஓய்வு எத்தனை நாள்? பயணம் செய்யலாமா? சேர்க்கை அலுவலர் மருத்துவர் இல்லை. தசைநார் கிழிந்தால் குணமாக எவ்வளவு காலம் ஆகும் என்று அவர் ஊகித்து முடிவெடுக்க மாட்டார்.

மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது வேலைக்கு விடுப்பு வாங்கும் சான்று. உங்களுக்கு வேண்டியது வேறு என்பதை அவரிடம் சொன்னால்தான் தெரியும். ஒரு தாளில் இந்த ஐந்தையும் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்:

- சிகிச்சை நடந்த நாள்
- சிகிச்சை தொடரும் காலம், எந்த மாதம் வரை என்று
- அந்தக் காலத்தில் செய்யக்கூடாதவை: நீண்ட விமானப் பயணம், தனியாக நடமாடுவது, வகுப்புக்குப் போய்வருவது போன்றவை
- எப்போதிலிருந்து முழுநேரம் படிக்க இயலும் என்ற எதிர்பார்ப்பு
- மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட தாள், கையெழுத்து, பதிவு எண், தேதி

நான்காவதுதான் உயிர். ‘2026 டிசம்பர் இறுதி வரை பிசியோதெரபி தொடரும், 2027 பிப்ரவரிக்குப் பிறகு முழுநேரப் படிப்பை மேற்கொள்ள இயலும் என எதிர்பார்க்கப்படுகிறது’ என்று மாணவியின் இரண்டாவது சான்றில் இருந்தது. பல்கலைக்கழகத்தின் இன்னொரு கவலைக்கும் இந்த ஒரு வரி பதில் சொல்லிவிடுகிறது: அடுத்த ஆண்டும் இவர் வராமல் போய்விடுவாரோ?

எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, முப்பது பக்க மருத்துவமனைக் கோப்பு எதையும் அனுப்ப வேண்டாம். ஒரு பக்கச் சான்றும், சேர்ந்து வெளியேறிய தேதிகள் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கமும் போதும். நோயின் பெயரை வெளியில் சொல்ல விரும்பாதவர்கள், குறிப்பாக மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள், ‘என் சிகிச்சையில் உள்ளவர், இந்தக் காலம் வரை முழுநேரப் படிப்பு இயலாது’ என்று மட்டும் எழுதித்தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம். பல அலுவலகங்களுக்கு அது போதும். அதற்கு மேல் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சான்று வேறு மொழியில் இருந்தால், பல்கலைக்கழகம் ஏற்கும் மொழியில் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பை மூலத்தோடு சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். சான்றில் உள்ள உங்கள் பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முதலெழுத்து மாறியிருந்தால், இது வேறு யாருடைய சான்றோ என்ற குழப்பத்தில் கோரிக்கை கிடப்பில் விழும்.

மற்ற காரணங்களுக்கும் கணக்கு இதேதான். விசா தாமதம் என்றால் விண்ணப்பித்த நாள் தெரியும் ரசீதும், கிடைக்கக்கூடிய முதல் நேர்காணல் தேதியைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும். நீங்கள் தாமதிக்காமல் விண்ணப்பித்தீர்கள் என்பது அந்த ரசீதிலிருந்து தெரிய வேண்டும். வீட்டில் ஒருவரைக் கவனிக்கிறீர்கள் என்றால் அவருடைய மருத்துவச் சான்றோடு, அவருக்கு உடனிருந்து கவனிக்க ஆள் தேவை என்ற வரியும், உறவைக் காட்டும் ஆவணமும் வேண்டும். பணம் என்றால், கடன் எந்த நிலையில் இருக்கிறது, எப்போது முடிவாகும் என்று வங்கி எழுதித்தந்த கடிதம்.

எந்தப் பருவத்தைக் கேட்பது

‘அடுத்து எப்போது முடியுமோ அப்போது’ என்று கேட்காதீர்கள். பருவத்தின் பெயரையும் தொடங்கும் நாளையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். அதற்கு முன் அந்தப் பருவத்தில் உங்கள் படிப்புக்கு ஆள் சேர்க்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு ஜனவரிப் பருவம் இருக்கலாம், ஆனால் உங்கள் படிப்பு ஆகஸ்டில் மட்டுமே தொடங்கலாம். இல்லாத பருவத்தைக் கேட்ட கடிதத்துக்கு ‘முடியாது’ என்று ஒற்றை வரியில் பதில் வரும்.

மாணவிக்கு 2027 ஜனவரி 11 அன்று தொடங்கும் பருவமும் திறந்திருந்தது. முதலில் அவர் அதைத்தான் கேட்க நினைத்தார், அரை ஆண்டுதானே வீணாகும் என்று. கணக்குப் போட்டுப் பார்த்தோம். பிசியோதெரபி டிசம்பர் இறுதியில்தான் முடிகிறது. முழுநேரப் படிப்பு பிப்ரவரிக்குப் பிறகு என்று மருத்துவரே எழுதியிருக்கிறார். ஜனவரி என்று கேட்டால் அவருடைய சான்றே அவருக்கு எதிராகப் பேசும். இன்னொன்று, பாடத்திட்டத்தைப் பார்த்தால் முதல் பருவத்தின் அடிப்படைப் பாடம் ஒன்று ஆகஸ்டில் மட்டும்தான் நடக்கிறது. இரண்டாம் பருவப் பாடங்கள் அதை முடித்தவர்களுக்கானவை. ஜனவரியில் நுழைந்தால் எடுக்கக்கூடிய பாடங்களே இரண்டு மூன்றுதான். ஆகவே 2027 ஆகஸ்ட் 23 என்று கேட்பதே சரி என்று முடிவானது.

இடைவெளி எவ்வளவு வேண்டும் என்றால், தடை நீங்கும் நாளுக்கும் வகுப்பு தொடங்கும் நாளுக்கும் நடுவில் விசா, பயணம், வீடு பார்ப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று நான்கு மாதமாவது இருக்கட்டும். இரண்டாவது ஒத்திவைப்பு கிடைப்பது முதலாவதைவிட மிகவும் கடினம். அதனால் கேட்கும்போதே நிச்சயம் வரமுடிகிற பருவத்தைக் கேட்டுவிட வேண்டும்.

கடிதம்

பல்கலைக்கழகத்தின் மொழியில், ஒரு பக்கத்துக்குள். பொருள் வரியில் டிஃபெரல் கோரிக்கை என்பது, விண்ணப்ப எண், படிப்பின் பெயர், எந்தப் பருவத்திலிருந்து எந்தப் பருவத்துக்கு என்பது நான்கும் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் என்ன வேலை செய்கிறது என்று தெரிவதற்காக மாணவியின் கடிதத்தைத் தமிழில் தருகிறேன்:

> மதிப்பிற்குரிய சேர்க்கை அலுவலருக்கு,
>
> 2026 ஆகஸ்ட் 24 அன்று தொடங்கும் முதுகலைப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்துள்ளது. ஏப்ரலில் சம்மதம் தெரிவித்து டெபாசிட்டும் செலுத்தியுள்ளேன். என் சேர்க்கையை 2027 ஆகஸ்ட் 23 அன்று தொடங்கும் பருவத்துக்கு ஒத்திவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> ஜூன் 10 அன்று நடந்த விபத்தில் என் முழங்கால் தசைநார் கிழிந்து, ஜூன் 22 அன்று அறுவைச் சிகிச்சை நடந்தது. டிசம்பர் இறுதி வரை பிசியோதெரபி தொடரும். அதுவரை நீண்ட பயணமும் தனியாக நடமாடுவதும் கூடாது என்று மருத்துவர் கூறியுள்ளதால் ஆகஸ்டில் வந்து சேர இயலாது. ஜூலை 2 தேதியிட்ட அவருடைய சான்றையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் இணைத்துள்ளேன்.
>
> பிப்ரவரிக்குப் பிறகு முழுநேரம் படிக்க இயலும் என்று சான்றில் குறிப்பிடப்பட்டுள்ளது. முதல் பருவத்தின் அடிப்படைப் பாடம் ஆகஸ்டில் மட்டுமே நடப்பதால் ஜனவரிக்குப் பதில் ஆகஸ்ட் பருவத்தைக் கேட்கிறேன். இடைப்பட்ட காலத்தில் வேறு பட்டப்படிப்பில் சேரமாட்டேன்.
>
> என் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் 2026 நவம்பரில் காலாவதியாகிறது. மீண்டும் எழுத வேண்டுமா என்பதையும், உதவித்தொகை புதிய பருவத்துக்கு மாறுமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

முதல் பத்தியிலேயே கோரிக்கை வந்துவிடுகிறது, அது முக்கியம். கடைசிவரை தேடவிட்டால் படிப்பவர் களைத்துவிடுவார். இந்தப் பல்கலைக்கழகம் என் சிறுவயதுக் கனவு என்று எழுத இது இடமில்லை. அதைச் சேர்க்கைக் கட்டுரையிலேயே எழுதியிருப்பீர்கள். போர்ட்டலில் படிவம் இருந்தால் அதில்தான் பதிவேற்ற வேண்டும். மின்னஞ்சல் மட்டும் அனுப்பினால் அது கோரிக்கையாகப் பதிவாகாமல் போகலாம். பதிவேற்றியதும் உறுதிச் செய்தியைச் சேமித்து வையுங்கள். பத்து வேலை நாட்களில் பதில் இல்லையென்றால் விண்ணப்ப எண்ணோடு ஒரு நினைவூட்டல் அனுப்பலாம்.

ஒப்புக்கொண்ட பிறகு கவனிக்க வேண்டியவை

‘பரவாயில்லை, அடுத்த ஆண்டு வாருங்கள்’ என்று ஒரு பேராசிரியர் மின்னஞ்சலில் சொல்லிவிட்டதை ஒத்திவைப்பு என்று நம்பிவிடாதீர்கள். புதிய பருவத்தின் பெயரும் நாளும் உள்ள திருத்திய சேர்க்கைக் கடிதம் கைக்கு வர வேண்டும். அதில் புதிய நிபந்தனைகள் இருக்கும். மறுபடி ஒரு நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்று இருந்தால் அந்த நாளைக் குறித்து வையுங்கள். ஒத்திவைப்பு கிடைத்த பிறகு இந்த இரண்டாவது சம்மதத்தை மறந்து இடத்தை இழந்தவர்கள் உண்டு. கட்டணம் பெரும்பாலும் சேரும் ஆண்டின் கணக்குப்படி இருக்கும்.

உதவித்தொகையும் ஆராய்ச்சி உதவியாளர் வேலையும் தனிக் கணக்கு. இடம் மாறினாலும் பணம் கூடவே மாறும் என்று எண்ண வேண்டாம். அந்த ஆண்டு நிதியிலிருந்து ஒதுக்கியதாக இருந்தால், அடுத்த ஆண்டு புதிதாகப் போட்டியிட வேண்டியிருக்கும். ஒத்திவைப்பை இறுதி செய்யும் முன் இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பணம் போய்விடும் என்றால் உங்கள் முடிவே மாறலாம்.

தேர்வு மதிப்பெண்களில் ஐஈஎல்டிஎஸ், டோஃபல் இரண்டும் இரண்டு ஆண்டுதான் செல்லும். ஜிஆர்ஈ ஐந்து ஆண்டு. மாணவி ஆங்கிலத் தேர்வை 2024 நவம்பரில் எழுதியதால் 2027 ஆகஸ்டில் அது செல்லாது. சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பித்த நாளில் செல்லுபடியாக இருந்தாலே போதும் என்கின்றன, சில வகுப்பு தொடங்கும் நாளைக் கணக்கெடுக்கின்றன. கேட்டுவிடுவதுதான் வழி.

விசா ஆவணங்கள் ஒரு குறிப்பிட்ட தொடக்க நாளுக்கென்று தரப்படுபவை. அமெரிக்கா என்றால், மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அந்த நாள் அச்சாகியிருக்கும். ஒத்திவைத்தால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் நாளை மாற்றிப் புதிய ஐ-20 தர வேண்டும். பழையதை வைத்துக்கொண்டு பயணம் செய்யக் கூடாது. விசா ஏற்கெனவே குத்தப்பட்டிருந்தால் புதிய படிவத்தில் செவிஸ் எண், அதாவது அமெரிக்க அரசின் மாணவர் பதிவு எண், அதேதானா என்று கேளுங்கள், மேற்கொண்டு செய்ய வேண்டியது அதைப் பொறுத்தது. பிரிட்டன் என்றால், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி எண்ணான காஸ் ஒரு முறைதான் பயன்படும், தந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். புதிய பருவத்துக்குப் புதிய காஸ். சேர்க்கை அலுவலகத்துக்குச் சொன்னதாலேயே சர்வதேச அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கும் என்று இருந்துவிடாமல் அவர்களுக்கும் தனியாக எழுதுங்கள்.

மறுத்துவிட்டால்

முதலில், ஏன் மறுத்தார்கள் என்று பாருங்கள். சான்று போதவில்லை என்றால் சரியான சான்றோடு மறுபரிசீலனை கேட்கலாம், கடைசி நாள் தாண்டியிருந்தாலும் முதல் கோரிக்கை நேரத்துக்குள் போயிருப்பது உதவும். அந்தப் படிப்புக்கு ஒத்திவைப்பே கிடையாது என்றால் வாதாடிப் பயனில்லை. அப்போது கேட்க வேண்டியவை வேறு: முறையாக இடத்தைத் துறந்தால் மறு விண்ணப்பத்துக்குக் கட்டணம் உண்டா, பழைய பரிந்துரைக் கடிதங்களையும் மதிப்பெண் பட்டியலையும் அப்படியே எடுத்துக்கொள்வார்களா? பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். பதில் சொல்லாமல் வராமல் இருந்துவிடுவது மட்டும் வேண்டாம். அடுத்த முறை அதே துறையில் விண்ணப்பிக்கும்போது உங்கள் கோப்பில் அதுதான் இருக்கும்.

மாணவி ஜூலை 8 அன்று பதிவேற்றினார். பதினாறு நாளில் திருத்திய கடிதம் வந்தது: 2027 ஆகஸ்ட் 23, டெபாசிட் மாற்றப்பட்டது, உதவித்தொகைக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், புதிய ஆங்கில மதிப்பெண் 2027 ஏப்ரலுக்குள். தேர்வுக்கு அவர் ஜனவரியிலேயே தேதி வாங்கிவிட்டார், முதல் முறை குறைந்துபோனால் இன்னொரு முறை எழுத இடம் இருக்கட்டும் என்று.